ஒரு ரீம் தாளுக்குள் அடங்கிய முடிவில்லாத கொம்பு

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் காகிதக் கொம்பு ஒன்று நிற்கிறது. அணசு கீழே இருக்கும்படி நாதஸ்வரத்தை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. அடியில் அகலம், மேலே போகப் போக ஒல்லி. பத்து A4 தாளில் செய்தது. அதை ஏன் செய்தோம், எங்கே தப்பு விட்டோம், செய்த பிறகு என்ன புரிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

அக்கா மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். கூடுதல் கணிதத்தில், ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் உருவத்தின் கன அளவு கண்டுபிடிக்கிற பாடம் இருக்கிறது. அவர்கள் மலாயில் படிப்பதால் அவளுக்கு அது 'இசி பாடு'. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, y = 1/x கோட்டை x = 1-இலிருந்து சுழற்றச் சொல்லியிருக்காங்க. a வரைக்கும் போனா கன அளவு இதுதான் வருது."

V = π(1 − 1/a)

"a-வை எவ்வளவு பெருசாக்கினாலும் π-யைத் தாண்டவே மாட்டேங்குது. முடிவே இல்லாம நீட்டினாலும் π-தான். அதுகூடப் பரவாயில்லை. ஆனா டியூஷன்ல வாத்தியார், இதோட மேற்பரப்புக்கு முடிவே கிடையாதுன்னு சொன்னார். உள்ளே சாயம் ஊத்தினா நிரம்பிடும், வெளியே பூசினா பூசி முடிக்கவே முடியாதாம். அது எப்படி?"

நான் செம்பனை ஆலையில் பிட்டர் வேலை பார்க்கிறவன். குழாய், தகடு, அளவு எல்லாம் கைக்குப் பழகியவை. தொகையீட்டில் எழுதிக் காட்டினால் அவள் தலையாட்டுவாள் என்று தெரியும். ஆனால் அவள் கேட்டது கணக்கின் விடையை அல்ல. ஒரே பொருளுக்குள் முடிவுள்ளதும் முடிவில்லாததும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதைத்தான் கேட்டாள். அதைக் கையால் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வழியைக் காட்டியவர் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் எவஞ்செலிஸ்டா டோரிசெல்லி. பாதரசக் காற்றழுத்தமானியைச் செய்தவரும் அவரே. இந்தக் கொம்பின் கன அளவு முடிவுள்ளது என்று கண்டுபிடித்து 1644-இல் அச்சிட்டார். அப்போது நியூட்டனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. லைப்னிட்ஸ் பிறக்கவே இல்லை. தொகையீடு என்ற கருவி இல்லாமலே செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாடப் புத்தகம் கொம்பைக் கத்திரிக்காயை நறுக்குவது போல வட்ட வட்டமாக நறுக்குகிறது. டோரிசெல்லி அப்படி நறுக்கவில்லை. வாழைத்தண்டைப் பட்டை பட்டையாக உரிப்பது போல, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் குழாய்களாக உரித்தார்.

சரி, அளவுக்கு வருகிறேன். கணக்கில் வரும் 'ஒன்று' என்பதை 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். அப்படி வைத்தால் கொம்பின் விதி சுலபமாகிவிடும். எந்த இடத்திலும் தூரத்தையும் ஆரத்தையும் செ.மீ.-இல் அளந்து பெருக்கினால் 100 வரும். 10 செ.மீ. தூரத்தில் ஆரம் 10 செ.மீ., 50 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ., 1 மீட்டரில் 1 செ.மீ., 10 மீட்டரில் 1 மி.மீ. கொம்பு தொடங்குவது 10 செ.மீ. தூரத்தில். அதற்கு முன்னால் உள்ள 10 செ.மீ. இடத்தை, அதே 10 செ.மீ. ஆரமுள்ள ஒரு தட்டையான உருளை பீடம் போல நிரப்பிக்கொள்ளட்டும். பீடமும் கொம்பும் சேர்ந்த முழு உருவத்தைத்தான் குழாய்களாக உரிக்கப் போகிறோம்.

இந்த உருவத்துக்குள் 5 செ.மீ. ஆரமுள்ள ஒரு குழாயைச் செருகினால் எவ்வளவு நீளம் போகும்? கொம்பு 5 செ.மீ. ஆரத்துக்குக் குறுகுகிற இடம் வரை, அதாவது 20 செ.மீ. 2 செ.மீ. ஆரக் குழாய் 50 செ.மீ. போகும். 1 செ.மீ. ஆரக் குழாய் 1 மீட்டர் போகும். ஆரம் பாதியானால் நீளம் இரண்டு மடங்கு. அப்படியானால் எந்தக் குழாயை எடுத்து வெட்டி விரித்தாலும் அதன் பரப்பு ஒன்றேதான். சுற்றளவு 2π பெருக்கல் ஆரம், நீளம் 100 வகுத்தல் ஆரம். இரண்டையும் பெருக்கினால் ஆரம் அடிபட்டுப் போய் 200π, அதாவது 628 சதுர செ.மீ. மிஞ்சுகிறது.

இந்த 628-ஐத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அச்சுப்பொறித் தாள் கட்டு இருந்தது. சும்மா அளந்தேன். 21 பெருக்கல் 29.7 என்றால் 623.7. நூற்றுக்கு ஒன்றுகூடக் குறைவில்லை. 10 செ.மீ. அளவுகோலில் டோரிசெல்லியின் ஒவ்வொரு குழாயும் ஒரு A4 தாள்! இது வெறும் தற்செயல்தான், ஆனால் எங்கள் வேலைக்கு இதைவிட வசதியான தற்செயல் கிடைத்திருக்காது. அவளைக் கூப்பிட்டேன்.

பத்துக் குழாய் செய்வது என்று முடிவெடுத்தோம். ஆரம் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. கூடுதல். நீளங்கள் 100, 50, 33.3, 25, 20, 16.7, 14.3, 12.5, 11.1, 10 செ.மீ. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே ஒரு தாள். கூட ஒரு துண்டு எடுக்கக் கூடாது, முடிந்தவரை எதையும் வீணாக்கவும் கூடாது.

தடித்த குழாயும் ஒல்லிக் குழாயும் ஒரே தாளிலிருந்து வருகின்றன என்பதை வெட்டும்போதுதான் கை நம்புகிறது. 10 செ.மீ. ஆரக் குழாய்க்கு 62.8 செ.மீ. சுற்றளவு வேண்டும், உயரம் 10 செ.மீ. போதும். தாளை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து முனையோடு முனை ஒட்டினால் 59.4 செ.மீ. நீளமும் 10.5 செ.மீ. அகலமும் வரும். மேலே அரை செ.மீ. நறுக்கி, அந்த நறுக்கலைத் துண்டு போட்டுச் சுற்றளவின் குறையை நிரப்ப வேண்டும். 1 செ.மீ. ஆரக் குழாய்க்கு 6.28 செ.மீ. அகலத்தில் நீளவாட்டில் மூன்று பட்டைகள் வெட்டினோம். அவற்றை வரிசையாக வைத்தால் 89.1 செ.மீ. மிஞ்சிய பட்டை 2.16 செ.மீ. அகலம். அதை 9.9 செ.மீ. வீதம் மூன்றாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இன்னொரு துண்டு. மொத்தம் 99 செ.மீ. நூறுக்கு ஒரே ஒரு செ.மீ. குறைவு, தாளில் இருந்த பற்றாக்குறை அதுதான்.

முதல் தடவை தப்பாகப் போனது ஒட்டுகிற விஷயத்தில். தகட்டு வேலையில் ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றித்தான் பழக்கம். அதே பழக்கத்தில் எல்லாக் குழாயிலும் ஒரு செ.மீ. ஏற்றி ஒட்டினேன். பெரிய குழாயில் ஒன்றும் தெரியவில்லை. சிறியவற்றை அடுக்கியபோது இருக்க வேண்டியதைவிட ஒல்லியாகத் தெரிந்தன. உள்குழாய் லொடலொடவென்று ஆடியது. அளந்து பார்த்தால் 1 செ.மீ. ஆரம் இருக்க வேண்டிய குழாய் 0.84-தான் இருந்தது. சுற்றளவில் ஒரு செ.மீ. போனால் எந்தக் குழாயிலும் ஆரத்தில் 0.16 செ.மீ. குறையும். 10 செ.மீ. குழாயில் அது கண்ணில் படாது. 1 செ.மீ. குழாயில் அது ஆறில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் பிரித்து, ஓரத்தோடு ஓரம் முட்ட வைத்து, உள்பக்கமாக ஒட்டுநாடா போட்டு மறுபடி செய்தோம். செய்ய நினைப்பவர்கள் இதை முதலிலேயே கவனித்துக்கொள்ளுங்கள். ஒல்லிக் குழாயை முதலில் செய்து அளந்து பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு தொந்தரவு மழை. இங்கே சாயங்காலம் மழை பிடித்தால் காற்றே ஈரமாகிவிடும். ஒரு மீட்டர் உயரக் குழாய் மறுநாள் காலையில் வாழைக்கன்று மாதிரி சாய்ந்து நின்றது. உள்ளே ஒரு மூங்கில் குச்சி கொடுத்து நிமிர்த்தினோம். ஒரு பலகையில் ஒரே மையத்தில் பத்து வட்டம் வரைந்து, ஒவ்வொரு குழாயையும் அதன் வட்டத்தின்மேல் நிறுத்தினோம். எல்லாக் குழாயின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். குழாய்களுக்கு நடுவே அட்டை வளையம் செருகியதும் ஆட்டம் நின்றுவிட்டது.

கொம்பு நின்ற பிறகு முதலில் கன அளவைப் பார்த்தோம். இடையில் இருக்கும் வெற்றிடத்தை முழுக்கக் காகிதக் குழாய்களால் அடைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அச்சுத்தாள் கட்டு 500 தாள், ஏறத்தாழ 5 செ.மீ. தடிமன். ஆக ஒரு தாள் 0.1 மி.மீ. நடுவிலிருந்து 10 செ.மீ. ஆரம் வரை அடைக்க 1000 குழாய் தேவை. ஒவ்வொரு குழாயும் ஒரு தாள். 1000 தாள் என்றால் இரண்டு ரீம்.

அவள் உள்ளே ஓடிப்போய் இரண்டு ரீம் கட்டை எடுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கொம்பின் பக்கத்தில் வைத்தாள். பீடமும் கொம்பும் சேர்ந்த முழு உருவமும் அந்த இரண்டு கட்டுக்குள் அடக்கம். பீடம் மட்டும் எவ்வளவு? 10 செ.மீ. ஆரம், 10 செ.மீ. உயரம், 3.14 லிட்டர். அது ஒரு ரீம். மேல் கட்டைத் தூக்கிவிட்டு, "அப்ப இந்த ஒரு ரீம்தான் கொம்பா?" என்று கேட்டாள். ஆமாம். 3.14 லிட்டர். நம் அளவுகோலில் அவள் புத்தகத்து π அதுதான். தொகையீடு போடாமலே வந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, மறைக்கக் கூடாது. குழாயின் சுவர் தடிமனாக இருந்தால் அதன் உள்சுற்று வெளிச்சுற்றைவிடச் சிறியது. அதனால் விரித்த தாளின் பரப்பைத் தடிமனால் பெருக்கினால் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். எங்கள் பத்துக் குழாய் மாதிரியில், ஒவ்வொரு சுவரும் 1 செ.மீ. கெட்டி என்று எடுத்தால், உண்மையில் அடைபடுவது 5.36 லிட்டர். இருக்க வேண்டியது 6.28. நூற்றுக்குப் பதினைந்து குறைவு. அதையே 100 குழாயாக மெலிதாக்கினால் குறைவு 2.6 சதவீதம். 1000 குழாயில் நாலு தாளுக்கும் குறைவான வித்தியாசம். மெலிதாக்க மெலிதாக்க வித்தியாசம் மறைந்துபோகிறது. அதனால்தான் டோரிசெல்லி தடிமனே இல்லாத குழாய்களைக் கற்பனை செய்தார்.

அப்புறம் மேற்பரப்பு. இங்கேதான் காகித மாதிரி எனக்கே புதிதாக ஒன்றைக் காட்டியது.

ஒவ்வொரு குழாயும் அதற்கு வெளியே இருக்கும் குழாயைவிட உயரம். ஆகவே அதன் மேல்பகுதி மட்டும் வெளியே தெரிகிறது, மற்றது உள்ளே மறைந்திருக்கிறது. வெளியே தெரிவதுதான் கொம்பின் தோல். அவளிடம் ஒரு சிவப்பு மார்க்கர் கொடுத்து, தெரிகிற இடத்தை மட்டும் அடையாளம் போடச் சொன்னேன். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக உருவி அளந்தாள்.

1 செ.மீ. குழாய் 100 செ.மீ. உயரம். அதைச் சுற்றியிருக்கும் 2 செ.மீ. குழாய் 50 செ.மீ. வெளியே தெரிவது 50. அதாவது தாளில் பாதி. 2 செ.மீ. குழாயின் 50-இல் வெளியே தெரிவது 16.7. மூன்றில் ஒரு பங்கு. 3 செ.மீ. குழாயின் 33.3-இல் 8.3. நாலில் ஒரு பங்கு. அவள் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். "அடுத்தது அஞ்சில ஒண்ணு, ஆறில ஒண்ணு... இல்லையா மாமா?" கடைசியாக 9 செ.மீ. குழாயில் பத்தில் ஒன்று. பத்தாவது குழாயின் வெளிப்புறம் பீடத்தினுடையது, கொம்புக்குச் சேராது.

ஆக, பத்துக் குழாய்க் கொம்பின் தோல், தாள் கணக்கில்:

1/2 + 1/3 + 1/4 + ... + 1/10 = 1.93

இரண்டு தாளுக்குக் கொஞ்சம் குறைவு. நூறு குழாயாக்கினால் இதே வரிசை 1/100 வரை போகும், 4.19 தாள். ஆயிரம் குழாயில் 1/1000 வரை, 6.49 தாள். கொம்பு அதே கொம்பு, அடைக்கிற காகிதத்தின் கன அளவும் அதே இரண்டு ரீம். தாள் மெலிவதால் நடுவில் இன்னும் ஒல்லியான, இன்னும் நீளமான குழாய்கள் நுழைகின்றன. ஆயிரம் குழாயில் நடுக்குழாய் 0.1 மி.மீ. ஆரத்தில் 100 மீட்டர் நீளம். வீட்டு வாசலிலிருந்து சாலை முனை வரை போய்விடும்.

இந்த வரிசை எங்காவது நின்றுவிடுமா? துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன, கன அளவு நின்றது போல இதுவும் நிற்கும் என்றுதான் அவள் நினைத்தாள். நியாயமான நினைப்பு. அதற்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரெம் சொன்ன வாதம் இருக்கிறது. அதையும் காகிதத்திலேயே செய்தோம். புதுத் தாள்களில் பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று பதினாறில் ஒன்று வரை வெட்டி, அஞ்சடி சிமெண்டுத் தரையில் குவியல் குவியலாக வைத்தோம். முதல் குவியலில் பாதித் தாள். இரண்டாவதில் மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும். இரண்டுமே நாலில் ஒன்றாக இருந்தாலே பாதி வந்துவிடும், ஒன்று அதைவிடப் பெரியது, ஆகவே பாதிக்கு மேல். மூன்றாவதில் ஐந்தில் ஒன்று முதல் எட்டில் ஒன்று வரை நாலு துண்டு. எல்லாமே எட்டில் ஒன்றாக இருந்தாலும் பாதி. நாலாவதில் எட்டுத் துண்டு, எதுவும் பதினாறில் ஒன்றுக்குக் குறைவில்லை, மறுபடி பாதி.

இப்படி எத்தனை குவியல் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டே போகலாம். அடுத்ததில் பதினாறு துண்டு, அதற்கு அடுத்ததில் முப்பத்திரண்டு. ஒவ்வொரு குவியலும் குறைந்தது அரைத் தாள். அரையரையாகச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த எண்ணையும் ஒருநாள் தாண்டிவிடும். சரிபார்க்க அக்காவின் சமையல் தராசை எடுத்தோம். 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம். பதினைந்து துண்டையும் ஒன்றாகப் போட்டால் 2.38 தாள், 11.9 கிராம் வர வேண்டும். தராசு 12 காட்டியது.

படிக்கட்டு போல அடுக்கிய குழாய்களை வைத்து மேற்பரப்பு சொல்வது எப்போதும் ஆபத்து. சாய்வான கோட்டைப் படிகளால் அளந்தால் படி எவ்வளவு சின்னதானாலும் நீளம் தப்பாகவே இருக்கும். பரப்புக்கும் அதே பிரச்சினை. ஆகவே 1.93 தாள் என்பதை 1 மீட்டர் வரையுள்ள கொம்பின் உண்மைப் பரப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 1203 சதுர செ.மீ. தொகையீட்டில், சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1518 வருகிறது. ஆனால் எங்கள் வாதத்துக்கு இந்தத் தப்பு இடைஞ்சல் செய்யவில்லை. வெளியே தெரியும் ஒவ்வொரு குழாய்த் துண்டும் உண்மையான கொம்புக்கு உள்ளேதான் இருக்கிறது, அதைவிட ஒல்லி. அதோடு கொம்பின் தோல் சாய்வாக ஏறுவதால் நேர்க்குழாயைவிட நீளம். இரண்டு வகையிலும் நாங்கள் குறைத்துத்தான் அளந்தோம். குறைத்து அளந்ததே எல்லையில்லாமல் போகிறது என்றால் உண்மையான பரப்பும் போகத்தான் வேண்டும்.

கன அளவுக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவளே பிறகு ஒரு வரியில் சொன்னாள். நீளத்தைப் பத்து மடங்காக்கினால் கன அளவில் மிச்சமிருக்கும் குறை பத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் பரப்பு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவு, 1447 சதுர செ.மீ. கூடுகிறது. 1 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போனாலும் அதே 1447, 10-இலிருந்து 100-க்குப் போனாலும் அதே 1447. சுருங்காத தொகை சேர்ந்துகொண்டே இருக்கிறது. நான் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இனி சாயக் கேள்வி. இந்த ஊரில் பிறந்தவளுக்குச் சாயத்தைவிடக் கித்தாப் பால் பழக்கம். தாத்தா பால்மரம் வெட்டியவர். கொம்பைத் திருப்பிப் பிடித்து 3.14 லிட்டர் பால் ஊற்றினால் முழுக் கொம்பும் நிரம்பும், உள்சுவர் எல்லாமே பாலில் நனையும். அப்படியானால் முடிவில்லாத சுவரை மூன்று லிட்டர் பால் பூசிவிட்டதா? ஆமாம், பூசிவிட்டது. எந்தத் தடிமனில் என்பதுதான் கேள்வி. 10 மீட்டர் தூரத்தில் கொம்பின் ஆரமே 1 மி.மீ. அங்கே சுவரில் ஒட்டும் பால் 1 மி.மீ.-க்கு மேல் இருக்க முடியாது. 100 மீட்டரில் 0.1 மி.மீ. தூரம் போகப் போகப் பூச்சு மெலிந்துகொண்டே போகிறது.

வெளியே பூச முடியாது என்று சொல்லும்போது நாம் நினைப்பது எங்கும் ஒரே தடிமனான பூச்சு. 0.1 மி.மீ. பூச்சு என்று வைத்தால், 100 மீட்டருக்கு அப்பால் கொம்பின் ஆரத்தைவிடப் பூச்சு தடிமன். பூச்சு குறையாமல் முடிவில்லாத தூரம் போக வேண்டும், அதனால் முடிவில்லாத பால் வேண்டும். ஆனால் வெளியே பூசுவதையும் உள்ளே போலவே கொம்பின் ஆரத்துக்கு ஏற்றபடி மெலிதாக்கிக்கொண்டே போகலாம் என்றால், ஒரு குறிப்பிட்ட அளவு பாலிலேயே முழு வெளிப்புறமும் பூசி முடித்துவிடலாம். உள், வெளி என்று வித்தியாசம் எதுவும் இல்லை. பூச்சு ஒரே தடிமனா, மெலிந்துகொண்டே போவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டியூஷனில் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டதால்தான் அவளுக்குக் குழப்பம்.

"நிஜமா இப்படி ஒரு கொம்பு செய்தா எவ்வளவு பரப்பு வரும் மாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நிஜப் பொருளில் அணுவைவிட, மூலக்கூறைவிட ஒல்லியாகப் போக முடியாது. ஒரு தண்ணீர் மூலக்கூறின் அகலம் ஏறத்தாழ 0.28 நானோமீட்டர். கொம்பின் வாய் அந்த அகலத்துக்கு, அதாவது 0.14 நானோமீட்டர் ஆரத்துக்கு, எப்போது குறுகும்? தூரம் பெருக்கல் ஆரம் 100 என்ற அதே விதியில் போட்டால் ஏறத்தாழ 70,000 கி.மீ. பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி வர 40,075 கி.மீ.-தான். பூமியை ஒன்றே முக்கால் தடவை சுற்றும் அந்தக் கொம்பின் மொத்தப் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1.3 சதுர மீட்டர். தாள் கணக்கில் இருபது, இருபத்தொன்று.

அவள் நம்பவில்லை. கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். பத்து மடங்கு நீளத்துக்கு 1447 சதுர செ.மீ. மட்டுமே கூடும் என்று அவள் சொன்னதுதான் இது. ஒரு மீட்டரிலிருந்து 70,000 கி.மீ. போவதென்றால் பத்து மடங்காக்கும் வேலையை எட்டுத் தடவைக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தால் போதும். எட்டுத் தடவை 1447 என்பது பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முடிவில்லாமல் வளர்வதும் வேகமாக வளர்வதும் வேறு வேறு. இந்தக் கொம்பின் பரப்பு எந்த எல்லையையும் தாண்டும், ஆனால் நாம் பார்க்கக்கூடிய உலகத்துக்குள் அது ஒரு மேசை விரிப்பைத் தாண்டாது.

இதைக் கேப்ரியலின் கொம்பு என்றும் சொல்வார்கள். தீர்ப்பு நாளில் ஊதுவதாகச் சொல்லப்படும் தேவதூதன் பெயர். எங்கள் வீட்டில் அதற்கு 'ரீம் கொம்பு' என்று பெயர் ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இருபது குழாய் செய்ய வேண்டுமாம். அரை செ.மீ. இடைவெளி, நடுக்குழாய் அரை செ.மீ. ஆரத்தில் 2 மீட்டர். தோல் 2.6 தாள் வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நிற்க வைத்தால் அஞ்சடித் தகரத்தில் முட்டும், மழைச் சாரலும் அடிக்கும். அதனால் இந்தத் தடவை ஹாலில் சுவரோரமாகப் படுக்க வைக்கப் போகிறோம். மூங்கில் குச்சி சீவி வைத்துவிட்டேன். இருபது தாளை எண்ணி, இரும்புப் பெட்டிக்குள் ஈரம் படாமல் அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.